வங்கி இணைப்புக் கடன் கோரி விண்ணப்பக் கடிதம்

அனுப்புநர்:
செ. வளர்மதி, ஊக்குநர்,
குறிஞ்சி மகளிர் சுய உதவிக் குழு,
மேட்டுக்கொட்டாய், தர்மபுரி வட்டம்.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
இந்தியன் வங்கி, தர்மபுரி.

நாள்: 13.11.2024

பொருள்: எங்கள் குழுவுக்கு இரண்டாம் முறையாக ரூ.4,80,000 வங்கி இணைப்புக் கடன் வேண்டுதல் – சேமிப்பு, தவணை விவரங்கள் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எங்கள் குழு 2019 மார்ச் மாதம் 12 பேரோடு தொடங்கியது. இன்றும் அதே 12 பேர்தான். மாதம் 10-ம் தேதியும் 25-ம் தேதியும் கூட்டம். தங்கள் கிளையில்தான் எங்கள் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. முதல் கடனையும் இங்கேதான் வாங்கி, இங்கேயே கட்டி முடித்தோம். 10.11.2024 அன்று நடந்த கூட்டத்தில் 12 பேரும் கையெழுத்திட்ட தீர்மானப்படி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் சேமிப்பு. ஆளுக்கு மாதம் 100 ரூபாயில் ஆரம்பித்தோம். 2022 ஏப்ரலில் இருந்து 200 ரூபாய்.

2018–19 (மார்ச் மட்டும்): ரூ.1,200
2019–20: ரூ.14,400
2020–21: ரூ.10,800
2021–22: ரூ.14,400
2022–23: ரூ.28,800
2023–24: ரூ.28,800
2024–25 (அக்டோபர் வரை): ரூ.16,800
மொத்தச் சேமிப்பு: ரூ.1,15,200

2020–21-ல் தொகை குறைந்திருப்பதைத் தாங்கள் கேட்பீர்கள். ஊரடங்கு நேரத்தில் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் யாருக்கும் வேலை இல்லை, சந்தா வசூலிக்கவில்லை. ஆனால் குழுவை விடவில்லை. இருந்த பணத்தை அரிசிக்கும் மருந்துக்கும் உள்கடனாகக் கொடுத்தோம். ஜூலையில் எல்லோரும் திரும்பச் சந்தா கட்ட ஆரம்பித்தார்கள்.

இந்தச் சேமிப்போடு சுழல் நிதி ரூ.15,000, உள்கடன் வட்டியில் செலவு போக நின்ற ரூ.34,300 இரண்டையும் சேர்த்தால் 31.10.2024 அன்று குழுவின் மொத்த நிதி ரூ.1,64,500. இதில் ரூ.1,38,000 உறுப்பினர்களிடம் உள்கடனாக இருக்கிறது, ரூ.26,000 வங்கியில், ரூ.500 கையில்.

அடுத்து முதல் கடன். 18.08.2021 அன்று ரூ.1,50,000 வாங்கினோம். மாதத் தவணை ரூ.5,000.

2021–22: 7 தவணை, ரூ.35,000
2022–23: 12 தவணை, ரூ.60,000
2023–24: 12 தவணை, ரூ.60,000
2024–25: 4 தவணை, ரூ.18,340
வட்டியோடு கட்டிய மொத்தம்: ரூ.1,73,340

கடைசித் தவணை ரூ.3,340-ஐ 08.07.2024 அன்று கட்டினோம். பாக்கி இல்லை.

35 தவணையில் 33 சரியான நாளில் போனது. இரண்டு தாமதமானது, அதை மறைக்க விரும்பவில்லை. 2021 நவம்பரில் விடாமல் மழை பெய்து கூலி வேலை நின்றபோது 11 நாள் தள்ளிப்போனது. 2023 மே மாதம் உறுப்பினர் ஒருவரின் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் பங்கு வரும் என்று காத்திருந்து 6 நாள் தாமதித்துவிட்டோம். குழுப் பணத்தில் இருந்து போட்டு அன்றே கட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாதது ஊக்குநரான என் தவறு. அதற்கடுத்த கூட்டத்திலேயே, ஒருவர் பங்கு வராவிட்டால் குழு நிதியில் இருந்து உடனே கட்டிவிட்டு அதை அவர் பெயரில் உள்கடனாக எழுதுவது என்று தீர்மானம் போட்டோம். அதன் பிறகு ஒரு தவணைகூடத் தவறவில்லை.

இப்போது கேட்கும் கடன் எதற்கு என்பதைச் சொல்கிறேன். எங்களில் 8 பேர் வருடா வருடம் தை முதல் சித்திரை வரை வியாபாரிகளுக்குப் புளி உடைத்துக் கொடுக்கிறோம். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு 10 ரூபாய் கூலி. கை வெடித்துப் போகும் வேலை. புளியை நாங்களே வாங்கி, உடைத்து, நாங்களே விற்றால் என்ன என்று மூன்று வருடமாகப் பேசி வருகிறோம். கையில் முதல் இல்லாததால் பேச்சோடு நின்றது.

கணக்கு இது. ஓட்டோடு 6,500 கிலோ புளி, கிலோ 40 ரூபாய் வீதம் ரூ.2,60,000. வண்டி வாடகை, சாக்கு, குளிர்பதனக் கிடங்கு வாடகைக்கு ரூ.35,000. தராசுக்கும் தார்ப்பாய்க்கும் ரூ.25,000. ஆக ரூ.3,20,000. கழிவு போக 2,900 கிலோ புளி நிற்கும். கிலோ 120 என்று குறைத்தே போட்டாலும் ரூ.3,48,000. கொட்டை 2,100 கிலோ, 12 ரூபாய் வீதம் ரூ.25,200. தராசும் தார்ப்பாயும் அடுத்த வருடங்களுக்கும் உழைக்கும்; அவை நீங்கலாகச் செலவு போக ரூ.78,200 மிஞ்சும். இதே 2,900 கிலோவைக் கூலிக்கு உடைத்தால் எங்களுக்குக் கிடைப்பது ரூ.29,000. விலை இறங்கினால் உடனே விற்கத் தேவையில்லை, கிடங்கில் வைத்திருப்போம். அதற்காகத்தான் கிடங்கு வாடகையைச் சேர்த்திருக்கிறோம்.

மீதி 4 பேர் ஆளுக்கு ரூ.40,000 வீதம் ரூ.1,60,000-ல் கறவை மாடு வாங்குகிறார்கள். கூடுதலாக ஆகும் பணத்தை அவரவர் போட்டுக்கொள்வார்கள். நால்வருக்கும் மாடு வளர்த்த பழக்கம் உண்டு, பால் சங்கம் ஊரிலேயே இருக்கிறது.

ரிசர்வ் வங்கி விதிப்படி இரண்டாம் கடன் குழு நிதியைப் போல 8 மடங்கு வரை தரலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் நிதிக்கு அது 13 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு வாங்கிக் கட்ட எங்களால் ஆகாது. 3 லட்சத்துக்குள் நிறுத்தினால் 7 சதவீத வட்டி என்பதும், அதற்கு மேல் போனால் வட்டி கூடும் என்பதும் தெரியும். ஆனால் 3 லட்சம் புளிக்கே போதாது; மாடு வேண்டும் என்ற நாலு பேரையும் விட்டுவிட மனம் இல்லை. கூட்டத்தில் நெடுநேரம் பேசித்தான் 4,80,000 என்று முடிவு செய்தோம்.

36 மாதத்தில் கட்ட விரும்புகிறோம். தவணை ஏறக்குறைய ரூ.15,500 வரும். ஆளுக்கு ரூ.1,300 வசூலிப்போம். முன்பு ஆளுக்கு 417 ரூபாய்தான் கட்டினோம், இது மூன்று மடங்கு. பால்காரர்கள் நாலு பேருக்கும் பால் பணம் தவறாமல் வரும். புளியில் போட்ட முதலும் லாபத்தோடு திரும்பிவிடும். முதல் விற்பனைப் பணத்தில் இருந்து எட்டு பேருக்கும் மூன்று மாதத் தவணை ரூ.31,200-ஐத் தனியாகக் குழுக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடுவோம். இதுவும் தீர்மானத்தில் இருக்கிறது. முதல் தவணையை மட்டும் 2025 ஏப்ரலில் தொடங்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

10 லட்சம் வரை குழுக் கடனுக்கு ஈடு கேட்பதில்லை என்பதால் பத்திரம் எதுவும் இணைக்கவில்லை. எங்கள் நோட்டுகளே எங்கள் ஈடு. 1989-ல் இதே தர்மபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கின. என் மாமியார் அந்தக் காலத்துக் குழு ஒன்றில் இருந்தவர். வரவு செலவை அன்றன்றே எழுதும் பழக்கம் அவரிடம் கற்றது.

ஒரே அவசரம், காலம். காய் பிடித்த மரங்களை வியாபாரிகள் கார்த்திகை, மார்கழியிலேயே அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவிடுவார்கள். டிசம்பர் 20-க்குள் கடன் கிடைத்தால் எங்கள் ஊர் மரங்களையே நாங்கள் பேசிவிடலாம். தாங்கள் எந்த நாள் வந்தாலும் நோட்டுகளோடு 12 பேரும் இருப்போம். 25-ம் தேதி கூட்டத்துக்கே வந்தால் இன்னும் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
செ. வளர்மதி, ஊக்குநர்
மு. அஞ்சலை, பிரதிநிதி

இணைப்பு: தீர்மான நகல், சேமிப்புக் கணக்குப் பாஸ்புக் நகல், முதல் கடன் கணக்கு அறிக்கை, சேமிப்பு மற்றும் உள்கடன் பேரேட்டு நகல், நுண்கடன் திட்டம், 12 உறுப்பினர்களின் ஆதார் நகல், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பரிந்துரைக் கடிதம்.