ஆகஸ்ட் 21, 22 பயிற்சிக் கருத்தரங்கு: முன்பதிவுக்கு முன் அரங்கை நேரில் பார்க்க அனுமதி வேண்டி

மதிப்புக்குரிய அரங்க மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய விவரக் குறிப்பும் தள வரைபடமும் கிடைத்தன, நன்றி. ஆகஸ்ட் 21, 22 (வெள்ளி, சனி) ஆகிய இரு நாட்களுக்கு 240 பேர் கலந்துகொள்ளும் ஆசிரியர் பயிற்சிக் கருத்தரங்கை ஏற்பாடு செய்து வருகிறேன். நாங்கள் பரிசீலிக்கும் இரண்டு இடங்களில் உங்கள் அரங்கும் ஒன்று. முன்பணம் கட்டுவதற்கு முன் நானும், ஒலி-ஒளி பொறுப்பாளரும், வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவரும் வந்து நேரில் பார்க்க விரும்புகிறோம்.

ஜூன் 10 புதன் அல்லது 11 வியாழன், காலை 8 மணி எங்களுக்கு வசதி. எங்கள் பதிவு மேசை திறக்கும் நேரமும் அதுதான். வாசலில் வண்டிகள் எப்படி நெருக்குகின்றன, கிழக்குப் பக்க ஜன்னல் வெயில் எங்கே விழுகிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு நாட்களில் ஏதாவது ஒன்றில் வேறு நிகழ்ச்சிக்கு மேசை நாற்காலி போட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. அந்த நாளையே சொல்லுங்கள். காலி ஹால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வேலை நடக்கும் ஹாலைப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அங்கு நடக்கும் நிகழ்ச்சிக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொள்வோம்.

எனக்கு இருக்கும் பெரிய கேள்வியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்களும் தயாராக இருக்கலாம். பெரிய ஹால் 24 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், வட்ட மேசை போட்டால் 260 பேர் என்று குறிப்பில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் நாள் முழுக்க நோட்டும் மடிக்கணினியும் வைத்து எழுதுவார்கள். அதனால் 1.8 மீட்டர் மேசைக்கு எட்டு பேருக்கு மேல் வைக்க முடியாது. 240 பேருக்கு 30 மேசை வேண்டும். நாற்காலிக்கும் நடுவில் ஆள் நடக்கவும் இடம் விட்டால், ஒரு மேசையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 3.3 மீட்டராவது ஆகும். அகலவாக்கில் வரிசைக்கு நான்கு மேசைதான் நிற்கும். அப்படியானால் எட்டு வரிசை, 26 மீட்டருக்கு மேல் நீளம். மேடை போடுவதற்கு முன்பே ஹால் போதவில்லை! மேசைகளை ஒன்று விட்டு ஒன்று தள்ளிப் போட்டால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனாலும் நான்கு மீட்டர் ஆழமுள்ள மேடையும், பின்னால் ஒலிக் கட்டுப்பாட்டு மேசையும் அதற்குள் வருமா என்று தெரியவில்லை. உங்கள் 260 என்ற கணக்கு மேசைக்குப் பத்து பேர் வைத்து, மேடை இல்லாமல் போட்டதா? அதே அளவில் முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சியின் அமைப்பு வரைபடம் இருந்தால் எடுத்து வையுங்கள். நாங்களும் அளவு நாடா கொண்டு வருகிறோம்.

இதற்கு ஒரு வழி, மடக்குத் தடுப்பைத் திறந்து பக்கத்து அறையையும் சேர்த்துக்கொள்வது. ஆனால் அந்த அறையில்தான் பிற்பகல் குழுப் பயிற்சிகளை நடத்தலாம் என்று நினைத்திருந்தோம். மதிய இடைவேளையில் தடுப்பை மூட எத்தனை பேர் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை ஒருமுறை செய்தே காட்டச் சொல்லிக் கேட்கிறேன். மூடிய பிறகு ஒரு பக்கம் மைக்கில் பேசி, மறுபக்கம் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். தடுப்பின் மேல் விளிம்பு கூரையோடு சேருகிறதா, பொய்க்கூரைக்குக் கீழேயே நின்றுவிடுகிறதா என்பதும் முக்கியம். பொய்க்கூரைக்கு மேலே வெற்றிடம் இருந்தால் சத்தம் அந்த வழியாகவே தாண்டி வந்துவிடும்.

திரை விஷயம். கடைசி வரிசை ஏறத்தாழ 18 மீட்டர் தூரத்தில் இருக்கும். படத்தில் உள்ள எழுத்தை அங்கிருந்து படிக்க வேண்டுமென்றால் திரை 3 மீட்டர் உயரமாவது வேண்டும். முன் வரிசைத் தலைகள் மறைக்காமலிருக்க, அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். கூரை 4.5 மீட்டர் என்கிறீர்கள், சரி. ஆனால் புகைப்படத்தில் தொங்கும் விளக்குகள் தாழ்வாகத் தெரிகின்றன. இடது பக்கம் இரண்டு தூண்களும் தெரிகின்றன. வரைபடத்தில் அவை இல்லை. அந்தத் தூண்களுக்குப் பின்னால் எத்தனை பேர் உட்கார நேரும் என்று நாங்களே உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம்.

அன்று உங்கள் மின் பொறுப்பாளர் அரை மணி நேரம் எங்களோடு இருந்தால் பெரிய உதவி. த்ரீ ஃபேஸ் இணைப்பு மேடையிலிருந்து எவ்வளவு தூரம், ஒலிக்கும் விளக்குக்கும் தனித்தனி சர்க்யூட் கிடைக்குமா, ஜெனரேட்டர் எதையெல்லாம் தாங்கும் என்று எங்கள் ஒலி-ஒளி பொறுப்பாளர் கேட்பார். குறிப்பாக ஏசி ஜெனரேட்டரில் ஓடுமா? மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில நொடிகளில் மிக்சரும் கணினிகளும் அணையாமலிருக்க யுபிஎஸ் நாங்கள் கொண்டு வர வேண்டுமா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். முதல் நாள் தொடக்க அமர்வை நேரலையாக அனுப்புகிறோம். அதற்கு வைஃபை வேண்டாம், மேடை அருகே கம்பி வழி இணைப்பு ஒன்று வேண்டும். பதிவேற்ற வேகத்தை அங்கேயே சோதித்துக்கொள்கிறோம்.

கலந்துகொள்பவர்களில் ஆறு பேர் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறார்கள். முன்வாசலில் சாய்தளம் இருப்பது படத்தில் தெரிகிறது. அங்கிருந்து ஹால், கழிப்பறை, சாப்பாட்டு அறை, மேடை என்று முழு வழியையும் ஒரு சக்கர நாற்காலியோடு நடந்து பார்க்கப் போகிறோம். மாற்றுத்திறனாளிக் கழிப்பறையை அன்று திறந்து வையுங்கள். பல இடங்களில் அது துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவசர வழிக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். தீயணைப்புத் துறை அனுமதித்த ஆள் எண்ணிக்கைக்கான சான்றின் நகலையும் தயவுசெய்து எடுத்து வையுங்கள்.

சாமான் இறக்கும் வழி, சரக்கு லிஃப்டின் அளவு, பார்க்கிங், சமையலறை எல்லாம் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் 20 மாலை எத்தனை மணிக்கு ஹால் எங்கள் கைக்கு வரும் என்பது மட்டும் உறுதியாகத் தெரிய வேண்டும். அதே இரு நாட்களில் வளாகத்தில் வேறு நிகழ்ச்சி இருந்தால், அது என்ன மாதிரி நிகழ்ச்சி என்றும் சொல்லுங்கள். பக்கத்தில் பாட்டுக் கச்சேரி என்றால் பயிற்சி நடத்த முடியாது.

ஒப்பந்த வரைவையும் ரத்து விதிகளையும் வருகைக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பினால் படித்துவிட்டு வருவேன். வெளி ஒலி-ஒளிக் குழுவைக் கொண்டு வந்தால் கூடுதல் கட்டணம் உண்டா என்பது அதில் இல்லையென்றால் தனியாக எழுதுங்கள்.

அதுவரை அந்த இரு தேதிகளையும் எங்களுக்காகத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்க முடியுமா? இடையில் வேறு யாராவது உறுதியாகக் கேட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரு நாளுக்குள் பதில் தருகிறேன். நேரில் பார்த்த பிறகு ஜூன் 15 திங்கள் மாலைக்குள் எடுக்கிறோமா இல்லையா என்று எழுத்திலேயே தெரிவித்துவிடுவோம்.

இரண்டு நாட்களில் எது உங்களுக்குச் சரிப்படும், வாசலில் யாரைக் கேட்க வேண்டும் என்று இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள்.

அன்புடன்,
நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்,
ஆசிரியர் பயிற்சிக் கருத்தரங்குக் குழு