ஆடித் தள்ளுபடி: முகப்பு பேனர் வாசகமும் ஆகஸ்ட் 3 நள்ளிரவு மாற்றங்களும்

தம்பி, நம் இணையக் கடை முகப்பில் போட வேண்டிய வாசகங்களை எழுதிவிட்டேன். அப்படியே நகலெடுத்துப் போடலாம். ஜூலை 17, ஆடி முதல் நாள் காலை 6 மணிக்கு ஏற்றுங்கள். ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு அன்று நள்ளிரவு இறக்கிவிடுங்கள்.

பேனர்

> ஆடிக்கு ஒரு கைத்தறிச் சேலை
> எல்லாப் பருத்திச் சேலைகளுக்கும் 20% தள்ளுபடி
> மதுரை சுங்குடி · காரைக்குடி கண்டாங்கி · நெகமம் காட்டன்
> ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 3 இரவு 11:59 வரை
> பட்டன்: சேலைகளைப் பார்க்க

போனில் இடம் பத்தாது. அங்கே மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள். தேதி வரி மட்டும் எந்தத் திரையிலும் மறையக் கூடாது. சலுகை என்றைக்கு முடிகிறது என்று தெரிந்தால்தான், சம்பளம் வரட்டும் என்று காத்திருப்பவர் கணக்குப் போட முடியும்.

படத்துக்கு அந்த அரக்குக் கண்டாங்கியையே வையுங்கள், கொடியில் வெயில்பட விரித்து எடுத்த படம். கடுகு மஞ்சள் கட்டமும் பட்டைக் கரையும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. எழுத்தைப் படத்துக்குள் பதிக்க வேண்டாம், படத்தின் மேல் தனி எழுத்தாக வரட்டும். சலுகை முடியும் நேரத்தில் டிசைனரை எழுப்பிப் புதுப் படம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பார்வை குறைந்தவர்களின் போன் வாசித்துச் சொல்லவும் எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும்.

பேனருக்குக் கீழே வரும் தலைப்பும் பத்தியும்

> 20% குறைவது எங்கள் லாபத்தில். நெசவாளர் கூலியில் ஒரு ரூபாயும் குறையவில்லை.
> ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஜவுளிக்கடையில் கூட்டமும் குறைவு. தறி மட்டும் நிற்பதில்லை. தீபாவளிச் சரக்கு வருவதற்குள் அலமாரியில் இருப்பதை உங்களிடம் சேர்க்கத்தான் இந்த விலை. ₹1,850 கண்டாங்கி ₹1,480. ₹1,600 நெகமம் ₹1,280. ₹950 சுங்குடி ₹760. வரி உட்பட. கூப்பன் எதுவும் வேண்டாம், பில்லில் தானாகவே குறையும்.
> பட்டுக்கும் பட்டு கலந்த சேலைகளுக்கும் தள்ளுபடி இல்லை.

கடைசி வரியைப் பொடி எழுத்தில் போடாதீர்கள். கண்டாங்கி பட்டிலும் வருகிறது. பேனரில் கண்டாங்கி என்று பார்த்துவிட்டுப் பட்டுக் கண்டாங்கியைக் கூடையில் போடுபவர் பில்லில் வந்து ஏமாறக் கூடாது. அதே போல, கோடு போட்டு அடித்த விலை ஜூன் மாதம் நாம் உண்மையிலேயே விற்ற விலையாக இருக்கட்டும். ஏற்றி எழுதி இறக்கிக் காட்டும் வேலை நமக்கு வேண்டாம்.

ஓடும் கடிகாரம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ‘இன்னும் 2 சேலைதான் மிச்சம்’ என்ற வரியும், இருப்பில் நிஜமாகவே 2 இருந்தால் மட்டும். பொய் அவசரம் காட்டி வாங்க வைப்பதை 2023-இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளே தடை செய்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன். நம்மிடம் வாங்குபவர்களில் பாதிப் பேர் மறுபடி வருபவர்கள்.

ஆகஸ்ட் 3 முடியும் இரவு 12:00

நேரம் பற்றி முதலில். `Settings → General → Timezone` இல் Kolkata இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அது UTC-யில் இருந்தால் நம் நள்ளிரவு அதற்குத் தெரியாது; தள்ளுபடி விலை மறுநாள் காலை 5:30 வரை ஓடும். பேனர் ‘முடிந்தது’ என்று சொல்லும், பில் குறைந்த விலை காட்டும். அப்படி ஆகிவிட்டால், அந்த நேரத்தில் வாங்கியவர்களுக்குக் காட்டிய விலைக்கே கொடுத்துவிடுவோம்.

12 மணிக்கு பேனரில் இது வர வேண்டும்:

> ஆடித் தள்ளுபடி முடிந்தது. வாங்கிய எல்லோருக்கும் நன்றி.
> ஆகஸ்ட் 3 இரவு 11:59 வரை வந்த ஆர்டர்கள் எல்லாம் தள்ளுபடி விலையிலேயே அனுப்பப்படும்.
> பட்டன்: என் ஆர்டரைப் பார்க்க

நன்றி சொல்வதைவிட அந்த இரண்டாவது வரிதான் முக்கியம். கடைசி நாள் வாங்கியவர் காலையில் எழுந்து முழு விலையைப் பார்த்தால், ‘எனக்கு என்ன விலை போட்டிருப்பார்களோ’ என்று பதறிப்போவார். போன் அடிக்கும் முன்பே பதில் முகப்பில் இருக்கட்டும்.

பேனருக்குக் கீழே இருக்கும் 20% தலைப்பையும் பத்தியையும் முழுக்க எடுத்துவிட்டு, இந்த ஒரே வரியைப் போடுங்கள்:

> மதுரை, காரைக்குடி, நெகமம்: தறியிலிருந்து வரும் பருத்திச் சேலைகள்

அப்புறம் cache-ஐக் காலி செய்யுங்கள். இதை விட்டால் பக்கத்தில் ₹1,480, கூடையில் ₹1,850 என்று நிற்கும். நம்மை யாரும் நம்பாமல் போக அது ஒன்று போதும். கூடையில் ஏற்கெனவே சேலை போட்டு வைத்திருப்பவர்களுக்குக் கூடைப் பக்கத்தின் மேலே:

> சலுகை ஆகஸ்ட் 3 இரவு முடிந்துவிட்டது. இப்போது காட்டும் விலைதான் இன்றைய விலை.

இரவு 11:58-க்கு யுபிஐ-யில் பணம் போய், ஆர்டர் மட்டும் ‘Pending payment’ என்று தொங்கி நிற்கும் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள். பணம் நம் கணக்குக்கு வந்திருந்தால் அது தள்ளுபடி ஆர்டர்தான். நீங்கள் எதையும் ரத்து செய்ய வேண்டாம், காலையில் நான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

வாட்ஸப்பில் நம் லிங்க்கை அனுப்பினால் கீழே வரும் சிறு பெட்டியும் மாற வேண்டும். எல்லோரும் மறப்பது இதைத்தான். கார்த்திகையில் யாரோ லிங்க் அனுப்ப, ஆடி 20% என்று காட்டிக்கொண்டிருக்கும். போட வேண்டியது:

```
<meta property="og:title" content="கைத்தறிப் பருத்திச் சேலைகள்">
<meta property="og:description" content="மதுரை சுங்குடி, காரைக்குடி கண்டாங்கி, நெகமம் காட்டன்">
```

og:image கோப்புக்குப் புதுப் பெயர் கொடுங்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால் பழைய படமே பல நாள் வரும். கூகுளில் தெரியும் பக்கத் தலைப்பும் இதே வாசகம்தான்.

நன்றி பேனர் ஆகஸ்ட் 6 இரவு வரை இருக்கட்டும். 7-ஆம் தேதி காலை இது:

> இன்று தேசியக் கைத்தறி நாள்
> 1905 ஆகஸ்ட் 7, கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய நாள். 2015 முதல் கைத்தறி நாளாகக் கொண்டாடுகிறோம். முதல் விழா நடந்தது நம் சென்னையில்.
> பட்டன்: சுங்குடிக்கு முடிச்சு எப்படிப் போடுகிறார்கள்

இதில் விலையும் வேண்டாம், தள்ளுபடியும் வேண்டாம். பட்டன், மதுரையில் எடுத்த வீடியோவுக்குப் போகட்டும். துணியைக் கிள்ளி நூலால் சுற்றுகிறார்களே, அந்த விரல் வேகத்தைப் பார்த்தவர் ₹950 அதிகம் என்று சொல்லமாட்டார்.

சலுகை முடிந்த பிறகும் ‘அக்கா, ஒரு நாள் லேட்டாயிடுச்சு, அந்த விலைக்குத் தர முடியுமா’ என்று வாட்ஸப்பில் கட்டாயம் வரும். கடையில் யார் எடுத்தாலும் இந்தப் பதில்தான் போக வேண்டும்:

> வணக்கம். ஆடித் தள்ளுபடி ஆகஸ்ட் 3 இரவோடு முடிந்துவிட்டது, மன்னிக்கவும். உங்களுக்குக் கொடுத்தால் அன்று ராத்திரி வரை விழித்திருந்து வாங்கியவர்களுக்கு அது நியாயமாக இருக்காது. நீங்கள் கேட்ட சேலை இருப்பில் இருக்கிறது. வேண்டுமானால் 2 நாள் எடுத்து வைக்கிறோம். அடுத்த சலுகை வரும்போது முன்கூட்டியே சொல்ல உங்கள் எண்ணைக் குறித்துக்கொள்ளலாமா?

எண் கொடுத்தவர்களைத் தனிப் பட்டியலில் போடுங்கள், தீபாவளிக்குத் தேவைப்படும். 4-ஆம் தேதி காலை கடை திறக்கும் முன் தளத்தின் தேடலில் ‘ஆடி’ என்றும் ‘20%’ என்றும் தட்டிப் பாருங்கள். நன்றி பேனரைத் தவிர வேறு எங்கே வந்தாலும் எடுத்துவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்புங்கள்.