இரவில் போன் எங்கே இருக்கிறது? பெற்றோர் கூட்டத்தில் அதிபரின் பேச்சு

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். சனிக்கிழமை காலையில், பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்குகிற அவசரத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று பேச இருப்பது தரம் 8 முதல் உயர்தரம் வரையுள்ள பிள்ளைகளின் போன் பற்றித்தான். போனே வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இங்கே நிற்கவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது, போன் வாங்கிக் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்டதே நாங்கள்தான். இந்த மண்டபத்தில் இருக்கிற சிலர் நகையை அடகு வைத்து வாங்கினீர்கள், எனக்குத் தெரியும். பாடக் குறிப்பு, கடந்தகால வினாத்தாள், யூடியூப்பில் கணித விளக்கம் எல்லாம் இன்றைக்கும் அதில்தான் வருகிறது. அதனால் கொடுத்ததைப் பறிப்பது பற்றி நான் பேசப் போவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இரவு பிள்ளை படுக்கும்போது அந்தப் போன் எங்கே இருக்கிறது?

காலை ஏழரைக்கு மணி அடித்து முதல் பாடம் தொடங்கும்போது வகுப்புகளைச் சுற்றி வருவது என் வழக்கம். கண் சிவந்து, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு இருக்கிற பிள்ளையிடம் எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டால், "பத்து மணிக்கு சேர்" என்று சொல்லும். அது பொய் இல்லை, பத்து மணிக்குப் படுத்தது உண்மைதான். எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்டால்தான் தலை குனியும். அறையில் விளக்கை அணைத்தாயிற்று, அம்மா வந்து பார்த்துவிட்டும் போயாயிற்று, அதற்குப் பிறகு போர்வைக்குள்ளே டிக்டொக், குரூப் சாட், ஒன்லைன் கேம் என்று ஒன்றரை மணி, இரண்டு மணி வரை ஓடுகிறது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஐந்தரைக்கு எழும்பி ஆறரைக்குப் பாடசாலை வானில் ஏறுகிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு எங்கே சரிவரும்? அந்தப் பிள்ளைக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று நீங்கள் ஏசுகிறீர்கள், நாங்களும் ஏசுகிறோம். பல பேருக்கு அக்கறை நிறையவே இருக்கிறது. தூக்கம்தான் இல்லை.

அதனால் என் முதல் வேண்டுகோள் இது. இரவு ஒன்பதரை ஆனதும் வீட்டில் இருக்கிற எல்லாப் போனும் படுக்கை அறைக்கு வெளியே ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். எல்லாப் போனும் என்றால் உங்களுடையதும்தான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இரண்டு அறை பிளட்டில் ஐந்து பேர் இருக்கிறீர்கள், யார் என்ன செய்கிறார்கள் என்பது பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு வீடியோ பார்க்கிற வீட்டில் மகனுக்கு மட்டும் போடுகிற சட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. லண்டனில் இருக்கிற சித்தப்பா வேலை முடிந்து எடுக்கும்போது இங்கே பத்தரை ஆகிவிடுகிறதே என்று கேட்பீர்கள். சரி, அந்த அழைப்புக்கு ஒரு போனை வரவேற்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவோடு எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆறுதலாகப் பேசலாம்.

"அலாரத்துக்குப் போன் வேணும்" என்று பிள்ளை சொல்லும், எல்லா வீட்டிலும் வருகிற பதில்தான் இது. புறக்கோட்டைப் பக்கம் போகும்போது ஒரு சின்ன மேசை மணிக்கூடு வாங்கிக் கொடுங்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

"வகுப்புக் குரூப்பில் ஹோம்வேர்க் வரும்" என்பது அடுத்தது. அதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் சில சமயம் எங்கள் பக்கமிருந்தே இரவு பத்து மணிக்குச் செய்தி வந்திருக்கிறது. வருகிற திங்கள் முதல் எங்கள் ஆசிரியர் யாரும் மாலை ஏழு மணிக்குப் பிறகு வகுப்புக் குரூப்பில் எதுவும் போட மாட்டார்கள். ஆசிரியர் கூட்டத்தில் பேசி எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு இது. ரியூஷன் ஆசிரியர்களுக்கு நான் உத்தரவு போட முடியாது, ஆனால் காசு கொடுக்கிற நீங்கள் கேட்கலாம், கேளுங்கள்.

பாடசாலை நேரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன் கொண்டுவரத் தேவையில்லை. பாடசாலை விட்டதும் நேரே ரியூஷனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும், நீங்கள் கடிதம் தந்தால், காலையில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஒன்றரைக்குத் திரும்ப வாங்கலாம். பைக்குள் ஒளித்து வைத்துப் பிடிபட்டால் போனை உங்கள் கையில்தான் தருவோம், பிள்ளையிடம் தர மாட்டோம். அப்புறம், பாட நேரத்தில் "வான் இன்றைக்குப் பிந்தும்" என்று பிள்ளையின் போனுக்கு மெசேஜ் போடாதீர்கள். அலுவலகத்துக்கு எடுங்கள், ஐந்து நிமிடத்தில் வகுப்புக்குச் சொல்லிவிடுவோம்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மனதில் கனமாக இருக்கிறது. பெயரும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம். ஒரு பிள்ளையின் படத்தை எடுத்து, முகத்தை வெட்டி, கேவலமான ஒரு வசனத்தோடு வட்ஸ்அப் ஸ்டிக்கராகச் செய்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள். விடியும்போது பக்கத்து வகுப்புகளுக்கும் போய்விட்டது. அந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டது. தாய்க்குக் காரணம் தெரியாது. பிறகு ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் போனைப் பறிச்சிடுவா சேர்" என்றது.

அந்தப் பதிலை ஒவ்வொரு தாயும் தகப்பனும் யோசித்துப் பார்க்க வேண்டும். பிரச்சினையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. யாரோ முகம் தெரியாதவன் படம் கேட்டு மிரட்டினாலும் சொல்லாது. ஆகவே இன்றைக்கே வீட்டுக்குப் போய், வாய்விட்டுச் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் வா, அதற்காகப் போனைப் பறிக்க மாட்டேன்." சொன்னால் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் வேண்டும். மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், காசு அனுப்பாதீர்கள். பாடசாலைக்கு வாருங்கள், அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். ஸ்டிக்கர் செய்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் நான் சொன்னது உண்டு. உங்கள் பிள்ளை எப்போதும் பாதிக்கப்பட்ட பக்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

அவுஸ்திரேலியாவில் பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே வைத்திருக்க முடியாதபடி 2025 டிசம்பரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது, இங்கேயும் அப்படி வேண்டாமா என்று சிலர் கேட்டீர்கள். வந்தால் வரட்டும், அதுவரை காத்திருக்க நமக்கு நேரம் இல்லை. டிக்டொக்கும் இன்ஸ்டாகிராமும் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்று அந்தக் கம்பனிகளே விதி வைத்திருக்கின்றன. ஆனாலும் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்கிற பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். தம்பி, தங்கை இருக்கிற வீடுகளில் அதையாவது நிறுத்துங்கள்.

கூட்டம் முடிந்ததும் நமது கணினி ஆசிரியர் மேல்மாடி ஆய்வுகூடத்தில் இருப்பார். அன்ட்ரொய்ட் போனில் Family Link, ஐபோனில் Screen Time எப்படிப் போடுவது என்று உங்கள் போனிலேயே செய்து காட்டுவார். பிள்ளைக்குத் தெரியாமல் போட வேண்டாம், பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிப் போடுங்கள். தமிழில் அச்சடித்த தாளும் அங்கே இருக்கிறது. தேநீர் பின்பக்கம் வைத்திருக்கிறோம், குடித்துவிட்டு மேலே போங்கள். தனியாகப் பேச வேண்டியவர்கள் என் அறைக்கு வரலாம், பன்னிரண்டு மணி வரை இருப்பேன்.