மதிப்பீட்டுப் படிவத்துடன் வைக்கும் குறிப்பு

கோத்தகிரி
09.04.2025

பெறுநர்: தலைமை எழுத்தர், இலைக் கணக்குப் பிரிவு

அன்புள்ள அண்ணா,

2024–25க்கான உங்கள் மதிப்பீட்டுப் படிவம் இத்துடன் இருக்கிறது. போன வருஷம் நான் நீட்டியதும் படிக்காமலே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். இந்த முறை அப்படி வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படியுங்கள். ஒரு இடத்தில் 2 போட்டிருக்கிறேன். அதை முதலில் படிவத்தில் பார்த்தால் மனசு கஷ்டப்படும், அதனால்தான் இந்தக் குறிப்பு.

செப்டம்பர் 30ஆம் தேதி நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். போகிற ஆளுக்கு எல்லாவற்றிலும் 5 போட்டு அனுப்புவதுதான் பல இடங்களில் வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 33 வருஷம் இலைக் கணக்குப் பார்த்த ஒருவரின் வேலையை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். நான் பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

வேலை அறிவுக்கு 5, கணக்கின் துல்லியத்துக்கும் 5. ஜூன் மாதம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மழையில் நனைந்த முக்காட்டோடு ஒரு பாட்டி பாஸ்புக்கை மேஜையில் வைத்து, 42 கிலோ குறைகிறது என்றார். கம்ப்யூட்டரில் பார்த்தால் அன்றைக்கு அவர் பெயரில் இலையே வரவில்லை. எடைச் சீட்டையும் அவர் தொலைத்துவிட்டார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். நீங்கள் எழுந்து வந்து, "அம்மா, உங்க மூட்டை அன்னிக்கு மேல் ஹட்டி ஜீப்புல வந்துச்சா?" என்று ஒரே கேள்விதான் கேட்டீர்கள். நீல நோட்டை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினீர்கள். அதே பெயரில் மேல் ஹட்டியில் இன்னொருவர் இருக்கிறார், இலை அவர் கணக்கில் ஏறிவிட்டது. நனைந்த இலைக்குப் போட்ட கழிவு எவ்வளவு என்பது உட்பட நோட்டில் இருந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் கணக்கும் சரியானது. அந்தப் பாட்டிக்கு ஷெட்டிலிருந்து டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்ததும் நீங்கள்தான். இதற்கெல்லாம் படிவத்தில் தனிக் கட்டம் கிடையாது. குறிப்புரைப் பகுதியில் முழுவதும் எழுதிவிட்டேன்.

டீ போர்டு மாதாமாதம் பச்சை இலைக்கு அறிவிக்கும் குறைந்தபட்ச விலையை வைத்து நீங்கள் போட்ட பட்டுவாடாப் பட்டியலில் இந்த வருஷம் ஒரு தடவைகூடத் திருத்தம் வரவில்லை என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

வருகைக்கு 4. அக்டோபரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பஸ் வராத நாட்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. மற்றபடி காலையில் தாமதமான நாட்கள் கொஞ்சம் இருக்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது அந்த 2. கம்ப்யூட்டர் பதிவுக்குப் போட்டது. இலை வந்த அன்றே பதிவு ஏற வேண்டும். நீங்கள் முதலில் நோட்டில் எழுதி, நேரம் கிடைக்கும்போது ஏற்றுகிறீர்கள். இலை குறைவான மாதங்களில் இது தெரிவதில்லை. ஜூனில் மூன்று நாள் பின்தங்கியது. 10ஆம் தேதி போட வேண்டிய பணம் 13ஆம் தேதிதான் விவசாயிகள் கணக்குக்குப் போனது. பள்ளிக்கூடம் திறந்திருந்த நேரம். ஃபீஸ் கட்டக் காத்திருந்தவர்கள் வாசலில் நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் கணக்கில் ஒரு பைசா தப்பில்லை, ஆனால் பணம் மூன்று நாள் தாமதம். இதை 3 என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அதில் என் பங்கும் உண்டு. புதிய மென்பொருள் வந்தபோது உங்களுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டே மதியம், அதுவும் மே மாதம் இலை குவிந்துகொண்டிருந்தபோது. அந்த நேரத்தை முடிவு செய்தது நான். படிவத்தில் மேற்பார்வையாளர் பகுதியில் அதை எழுதியிருக்கிறேன். நிர்வாகமும் படிக்கட்டும்.

வேலையைக் கற்றுக்கொடுப்பதற்கு 3. இதைத்தான் நான் ரொம்ப யோசித்துப் போட்டேன். புதிதாக வந்திருக்கும் பெண் உங்களிடம் ஏதாவது கேட்டால், "நீ விடும்மா, நானே பாத்துக்கிறேன்" என்று வாங்கிச் செய்துவிடுகிறீர்கள். பாசத்தில்தான் செய்கிறீர்கள், அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் அக்டோபர் 1ஆம் தேதி இன்னொரு பாட்டி பாஸ்புக்கோடு வந்தால், அதே கேள்வியைக் கேட்க அவளுக்குத் தெரிய வேண்டாமா? ஒரே பெயரில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஹட்டி மூட்டை எந்த ஜீப்பில் வரும், யார் இலையை அண்ணன் தம்பி இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கொண்டுவருவார்கள், இதெல்லாம் உங்கள் தலையிலும் அந்த நீல நோட்டிலும் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் ஒரு ஏற்பாடு. மே முதல் தினமும் மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு மணி நேரம் நீங்களும் அவளும் விவசாயிகள் பட்டியலோடு உட்காருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் ஏற்றட்டும். தட்டச்சு வேலை உங்களுக்கு வேண்டாம். அந்த நேரத்தில் ஷெட் எடையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் போட்டுவிட்டேன்.

மொத்த மதிப்பீடு 4. 4 வந்தால் முழு இன்கிரிமென்ட் உண்டு. இது உங்கள் கிராஜுவிட்டியையும் தொடும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பிறகு சர்வீஸ் வருஷத்தால் பெருக்குவார்கள். 26,000 ரூபாய் என்றால் 15 நாளுக்கு 15,000. 33 வருஷத்துக்கு 4,95,000. சம்பளத்தில் 1,000 ரூபாய் கூடினால் கிராஜுவிட்டியில் 19,000 ரூபாய்க்கு மேல் கூடும். அந்த 2 இதில் எதையும் குறைக்கவில்லை. கூட்டிப் பார்த்துச் சரிபார்த்துவிட்டேன்.

அப்புறம், பென்ஷன் விண்ணப்பத்துக்கு ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும். உங்களுக்கு வேறுவேறாக இருக்கிறது என்று போன மாதம் சொன்னீர்கள். திருத்த நாளாகும், இப்போதே தொடங்கிவிடுவோம். பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள். அண்ணியோடு சேர்ந்து எடுத்த போட்டோவும் வேண்டும்.

படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஊழியர் கருத்து என்று ஒரு பகுதி இருக்கிறது. நான் போட்டது தப்பு என்று பட்டால் அங்கே எழுதுங்கள். எனக்கு வருத்தம் வராது. நீங்கள் எழுதியது மாறாமல் நிர்வாகத்துக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி ஜீப் எடை முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள். பேசிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். வரும்போது நீல நோட்டையும் எடுத்து வாருங்கள். இதற்கு முன் எத்தனை நோட்டு எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் அலமாரியில் பத்திரமாக வைக்க இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
அலுவலக மேலாளர்