ஞாயிற்றுக்கிழமை தீபாவளி: இந்த முறை படம் இல்லாமல் ஒரு வாழ்த்து

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு, நவம்பர் 8, தீபாவளி. கொண்டாடுகிறவர்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள், காலையில் எழுந்திருக்க முடியாமல் திட்டு வாங்கப் போகிறவர்களுக்குக் கூடுதல் வாழ்த்துகள்.

கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் இதே குழுவில் காலை 6 மணிக்கே, தங்கத் தட்டில் விளக்கு எரியும் அந்தப் படத்தை முதலில் போட்டது நான்தான். அப்புறம் அதே படத்தை இன்னும் ஐந்தாறு பேர் போட்டார்கள். நடுவில், அன்று தனியாக ஷிப்டில் இருந்தவர் “லாகின் யாருக்கும் வேலை செய்யவில்லை, யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்டது எங்கேயோ மேலே போய்விட்டது, நான் பார்த்தபோது 40 நிமிடம் ஓடியிருந்தது. அவர் தீபாவளி கொண்டாடாதவர், நாங்கள் வீட்டில் இருப்பதற்காக வந்து உட்கார்ந்தவர். அவர் குரலை எங்கள் வாழ்த்தே அமுக்கிவிட்டது. அந்தப் படத்தின் மேல் “அனைவருக்கும்” என்று வேறு எழுதியிருந்தது. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன், சிரித்துவிட்டார், எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை முதல் நன்றி, ஞாயிற்றுக்கிழமை ஷிப்டில் இருக்கப்போகும் மூன்று பேருக்கு. யாரும் கேட்காமலே ரோஸ்டரில் பெயர் போட்டீர்கள், கவனித்தேன். நன்றியோடு நிறுத்தப் போவதில்லை: கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது, அன்றைக்கும் முந்தைய நாள் இரவுக்கும் என் பெயர் ஏறியாகிவிட்டது. ரம்ஜான் மார்ச் இரண்டாவது வாரம் வரலாம், ஆனால் பிறை தெரிந்தால்தானே உறுதி? எனவே பக்கத்துப் பக்கத்து இரண்டு நாளுக்கும் என் பெயரைப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் நாள் இரவு ஒரு வார்த்தை சொன்னால் போதும், லீவுக்கு மெயில் அனுப்பிக் காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நோன்பு மாதத்தில் மாலை மீட்டிங்கை இழுக்காமல் முடிப்பதும் என் பொறுப்பு, போன முறை இழுத்ததும் நான்தான்.

இன்னொன்று, எனக்கே போன வாரம்தான் தெரிந்தது. கணக்குப் பிரிவில் இருக்கும் நம் ஜெயின் நண்பர் காபி குடிக்கும்போது சொன்னார், அவர்களுக்குத் தீபாவளி என்றால் மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள், நரகாசுரன் கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் இருந்த சீக்கியத் தோழி உடனே, “எங்களுக்கு இது பந்தி சோர் திவஸ்” என்றார். குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து விடுதலையானபோது, தன்னோடு அடைபட்டிருந்த 52 அரசர்களையும் வெளியே கூட்டி வந்தார் என்று சொல்வார்களாம், அவருடைய அங்கியின் குஞ்சங்களை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வந்தார்களாம். நான் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக இருவருக்கும் அந்த விளக்குப் படத்தையே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்!

“எனக்கு லீவுதான் பண்டிகை” என்று சொல்லும் நம் நண்பர்களுக்கு: நன்றாகத் தூங்குங்கள், சத்தம் விட்டால். வீட்டில் கைக்குழந்தையோ, நாயோ, மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களோ இருந்து திங்கட்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்க்க நினைத்தால் பாருங்கள், முன்கூட்டி ஒரு வரி போட்டால் போதும்.

இந்த வருஷம் வீட்டில் பண்டிகை இல்லை என்று இருக்கிறவர்கள் நம்மில் இரண்டு பேர் உண்டு. உங்களிடம் “எப்படிப் போயிற்று தீபாவளி?” என்று கேட்கமாட்டேன். வீட்டில் இருப்பதைவிட வேலைக்கு வந்தால் தேவலை என்று தோன்றினால் வாருங்கள், தோன்றாவிட்டால் வேண்டாம், இரண்டுக்கும் யாரும் காரணம் கேட்கப் போவதில்லை.

திங்கட்கிழமை பலகாரம் கொண்டு வருகிறவர்கள் டப்பா மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், முட்டை, நெய், பருப்பு வகை எது இருக்கிறது என்று. ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து “இதில் என்ன போட்டிருக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே போவது எவ்வளவு சங்கடம் என்று, கேட்க வேண்டியிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்கிறவரை இரண்டாவது முறை வற்புறுத்தாதீர்கள், முக்கியமாக நான் செய்ததாக இருந்தால்.

சரி, இதற்கு யாரும் கைகூப்பும் படம் போட்டுப் பதில் சொல்ல வேண்டாம். ஞாயிறு முழுக்க இந்தக் குழு ஷிப்டில் இருக்கும் மூவருக்கு மட்டும். அவர்கள் கூப்பிட்டால் நான் எண்ணெய்த் தலையோடாவது போனை எடுப்பேன்.