சொதி

ஞாயிற்றுக்கிழமை உப்புவெளி வீட்டில் சனம் நிறைந்து கிடக்க, அப்பா எட்டு வயது மகனை அடுப்படியில் முக்காலி மேல் ஏற்றிவிட்டார்.

"மகனை மருமகளாக்கப் போறியோ?" என்று பெரியம்மா வாசலில் நின்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், மாமாதான் அதிகம், அவருக்குத் தேத்தண்ணி போடக்கூடத் தெரியாது.

அப்பா கவனிக்கவே இல்லை. வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் எல்லாம் இரண்டாம் பாலில் அவிந்ததும் முதற்பாலை மகன் கையாலேயே ஊற்ற வைத்தார். "கை விடாமல் துழாவு. ஓரத்தில் நுரை கட்டுது பார், அவ்வளவுதான், இறக்கு. கொதிக்க விட்டால் திரைஞ்சு போகும். தேசிக்காய் இறக்கின பிறகுதான்."

"அப்பிடியே பூவும் கட்டப் பழக்கு," என்றார் மாமா.

பொடியன் அகப்பையை நிறுத்தாமலே திரும்பினான். "மாமா, சும்மாதானே நிக்கிறீங்கள், சம்பலுக்கு அந்தத் தேங்காயைத் திருவித் தாங்கோ."

பெரியம்மா திருவலையை எடுத்து மாமாவின் முன்னால் வைத்தார். மாமா அதில் எந்தப் பக்கம் உட்காருவது என்று யோசித்துக்கொண்டு நின்றார்.