அப்பாட நிலைமை: அண்ணாக்கும் அக்காக்கும் இங்கிலீசில அனுப்ப

தங்கச்சி, கீழ இருக்கிறதை இங்கிலீசில மாத்தித் தாங்கோ. கனடா அண்ணா தன்ர டொக்டரிட்ட காட்டக் கேட்டவர், லண்டன் அக்காட பிள்ளையளுக்கும் விளங்கோணும். அவை கவலைப்படுவினம் எண்டு எதையும் குறைச்சு எழுதாதேங்கோ, மருந்தின்ர பேரும் அளவும் அப்பிடியே இருக்கட்டும்.

அண்ணா, அக்கா,

நேற்று கிளிநொச்சி ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொண்டுபோனனாங்கள். பிரஷர் 150/90, வெறும் வயித்தில சுகர் 148. சுகர் போன முறையை விடக் குறைவு, பிரஷர்தான் இன்னும் இறங்கோணுமாம், அதால லொசாட்டன் 50 இப்ப காலமை ஒண்டு இரவு ஒண்டு. மெட்போர்மின் 500 ரெண்டு நேரமும் சாப்பாட்டோட, அஸ்பிரின் 75 மத்தியானம், அட்டோவாஸ்டட்டின் 20 இரவு. அண்ணா அனுப்பின விற்றமின் போத்தலை டொக்டரிட்டக் காட்டாமல் குடுக்கமாட்டன்.

வலக்கை இன்னும் தூக்கேலாது, கால் பரவாயில்லை, ஆள் பிடிச்சா விறாந்தை மட்டும் நடக்கிறார். எனக்குப் பயம் விழுங்கிறதுதான். தண்ணி குடிக்கேக்க புரைக்கேறி கண்ணெல்லாம் சிவந்துபோகுது, அது நெஞ்சுக்குள்ள போனா நியூமோனியா வரும் எண்டு மிஸ்ஸி சொன்னவ, அதால நிமித்தி இருத்தி கரண்டியால கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கிறன், சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குப் படுக்க விடுறேல்லை. புட்டுக்கு ஆசைப்படுறார், பாவம், உதிர்ந்து தொண்டையில நிண்டிடும் எண்டு குடுக்கிறேல்லை, குரக்கன் கஞ்சியைத் தடிப்பாக் காச்சிக் குடுக்கிறன், நல்லாக் குழைச்ச சோறும் கீரையும் இறங்குது.

விடிய 5 மணிக்கு எழும்பிடுவார், மேல் துடைச்சு, சீனி இல்லாத தேத்தண்ணி. வெயில் ஏற முந்தி பிசியோ காட்டித் தந்த பயிற்சி, இவர்தான் கை காலைப் பிடிச்சுச் செய்விக்கிறவர். பகல் முழுக்கப் படுக்கைதான், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்டி விடுறன், அப்பிடியும் இடக் குதிக்கால் சிவந்திருக்கு. தோல் உரியேல்லை, கீழ தலையணை வைச்சிருக்கு.

இருட்டினா மனம் மாறிடுது அண்ணா. இரணைமடு வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சோ எண்டு கேட்டு, வயலுக்குப் போகோணும் எண்டு கட்டிலால இறங்கப் பாக்கிறார், அம்மாவையும் தேடுறார். அதால ராவில லைட்டை நூக்கிறேல்லை, நான் பக்கத்தில பாய் போட்டுப் படுக்கிறன். இரவில கோல் எடுத்தா அவருக்கு உங்கட குரலும் மாறிப்போகுது. பின்னேரம் 5 மணிக்கு எடுங்கோ, லண்டன்ல மத்தியானம் 12:30, டொரொண்டோவில காலமை 7:30. அந்த நேரம் தெளிவா இருக்கிறார், சின்னவன்ர படிப்பெல்லாம் கேக்கிறார். நீங்கள் கேட்டா "எனக்கொண்டுமில்லை"தான் சொல்லுவார், பிறகு என்னட்டயும் ஒருக்காக் கேளுங்கோ.

அக்கா, காசு இப்ப போதும். ஆனா நான் ராவில நித்திரை கொள்ளுறேல்லை, கிழமையில ரெண்டு இரவுக்கு ஆள் வைக்கோணும். பக்கத்து ஒழுங்கையில ஒரு அக்கா வரச் சம்மதம், நீங்கள் ரெண்டு பேரும் ஓமெண்டாத்தான் கூப்பிடுவன்.

தங்கச்சி, இவ்வளவுதான். அண்ணா நாளைக்கு டொக்டரிட்டப் போறாராம், இண்டைக்கு இரவுக்குள்ள முடிச்சா வாட்ஸ்அப்பில போட்டுவிடுங்கோ.